பென்சில் நுழைந்தால் சுண்டெலி நுழையும்

(நார்த்தாமலையில் கிடங்குப் பணியாளர்கள், கூட்டுறவுச் சங்க உறுப்பினர்கள், நெல், அரிசி, பயறு வணிகர்கள் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேடைக்கு வருவதற்கு முன்பே ஒரு நண்பர் என்னை ஓரமாக அழைத்து, "ஐயா, எந்த மருந்து கேட்கும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள், போதும்" என்றார். மருந்தைப் பற்றிக் கட்டாயம் சொல்கிறேன். ஆனால் பேச்சின் கடைசியில்தான் சொல்வேன். கிடங்கு வேலையிலும் மருந்து கடைசியில்தான் வரவேண்டும்.

தானியக் கிடங்குக்குப் பகை இரண்டு. ஒன்று எலி, இன்னொன்று வண்டு. இரண்டும் உள்ளே வரும் வழி வேறு. எலி வெளியிலிருந்து தானாக நடந்து வருகிறது. கதவு, சுவர், கூரையில் இருக்கும் இடைவெளிதான் அதற்கு வழி. வண்டு பெரும்பாலும் மூட்டைக்குள் உட்கார்ந்து லாரியிலேயே வந்து இறங்குகிறது. ஆகவே எலிக்குக் கட்டடத்தைப் பார்க்க வேண்டும், வண்டுக்குச் சரக்கைப் பார்க்க வேண்டும். நாம் பல இடங்களில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். கதவிடுக்கை அப்படியே விட்டுவிட்டு மூட்டை ஓரத்தில் எலி விஷம் வைக்கிறோம். வந்திறங்கும் மூட்டையைத் திறந்து பார்க்காமல் சுவரெல்லாம் வண்டு மருந்து அடிக்கிறோம்.

இதனால் எவ்வளவு நட்டம்? 1960களில் மத்திய அரசு அமைத்த பான்சே குழு, சேமிப்பில் எலியால் போவது 2.5 சதவீதம், பூச்சியால் போவது அதே அளவு அல்லது ஒரு பிடி கூடுதல் என்று கணக்கிட்டது. இன்றைய கிடங்குக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்றாலும் ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். 100 டன் கொள்ளும் ஒரு கூட்டுறவுக் கிடங்கை எடுத்துக்கொள்வோம். 50 கிலோ அரிசி மூட்டை என்றால் 2000 மூட்டை. இரண்டரை சதவீதம் என்றால் 50 மூட்டை எலிக்கு, இன்னொரு 50 வண்டுக்கு. எலி தின்னும் அளவு ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து கிராம்தான். ஆனால் அது கடித்துச் சிந்துவதும், புழுக்கை, மூத்திரம், மயிர் விழுந்து கெடுப்பதும் தின்பதைப் போலப் பல மடங்கு. இந்த 100 டன் கிடங்கையே பேச்சு முழுவதும் உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

முதலில் கட்டடம்.

பகல் பன்னிரண்டு மணிக்கு, நல்ல வெயில் நேரத்தில், கிடங்குக்குள் இருவர் போங்கள். கதவுகளை இழுத்து மூடி, விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் வெளிச்சப் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தெரியவரும். கதவின் அடியில் ஒரு கோடு, ஷட்டர் பெட்டியின் ஓரத்தில் ஒரு கீற்று, கூரை சுவரோடு சேரும் இடத்தில் வரிசையாகப் பிறை பிறையாக வெளிச்சம். வெளிச்சம் வரும் ஒவ்வொரு இடத்தையும் ஒருவர் சாக்பீஸால் வட்டமிட வேண்டும், மற்றவர் நோட்டில் எழுத வேண்டும். பிறகு கதவைத் திறந்து, குறித்த இடத்திலெல்லாம் ஒரு சாதாரண எழுதும் பென்சிலை நுழைத்துப் பாருங்கள். பென்சிலின் கனம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். மண்டையோடு நுழைந்துவிட்டால் உடம்பு பின்னாலேயே வந்துவிடும். வளரும் பருவத்து வீட்டெலிக்கு அரை அங்குலம் போதும். ஆகவே பென்சில் நுழையும் இடம் எதுவானாலும் அது திறந்த வாசல்தான்.

நம் உதாரணக் கிடங்கில் எந்தெந்த இடத்தில் பென்சில் நுழையும்?

முதல் இடம் கதவின் அடி. இந்தப் பக்கத்துக் கிடங்குகளில் வாசற்படி கருங்கல்தான். உங்கள் ஊர்க் கல் எவ்வளவு உறுதி என்பது உங்களுக்கே தெரியும்; அப்படியிருந்தும் பல வருடம் தள்ளுவண்டி உருண்டு உருண்டு நடுப்பகுதி தேய்ந்துவிடும். ஷட்டர் இரண்டு ஓரத்திலும் கல்லைத் தொட்டு நிற்கும், நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருக்கும். காவலாளி ஷட்டர் முழுசாக மூடியிருக்கிறது என்பார். பூட்டு மாட்டியிருப்பது உண்மைதான். இதற்குக் கல்லை மாற்ற வேண்டியதில்லை. வாசற்படியின் மேல் நேரான இரும்பு ஆங்கிள் ஒன்றைப் பதித்து, அதன் அடியைச் சிமெண்ட் கலவையால் நிரப்பினால் ஷட்டரின் அடி முழு நீளத்துக்கும் அதில் உட்காரும். மரக்கதவாக இருந்தால் வெளிப்பக்கத்தில் அடியிலிருந்து ஓர் அடி உயரத்துக்கு 22 கேஜ் துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு அடிக்க வேண்டும். கதவு நிலைக்கும் அதே தகடு வேண்டும். கதவுக்கு மட்டும் அடித்தால் எலி நிலையைக் கடித்துக்கொண்டு வரும். சிலர் ரப்பர் பட்டை ஒட்டுகிறார்கள். தூசி வராமல் தடுக்க ரப்பர் நல்லது, எலிக்குத் தடையில்லை. எலியின் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கடித்துத் தேய்த்தால்தான் அது வாழ முடியும். ரப்பர், மரம், தெர்மாகோல், துளையில் பீய்ச்சும் நுரை எல்லாம் அதன் பல்லுக்கு வேலை கொடுப்பவைதான். இரும்பும் நன்கு இறுகிய சிமெண்டும்தான் நிற்கும்.

இரண்டாவது இடம் கூரையோரம். ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகரக் கூரை அலை அலையாக இருக்கும், சுவரின் தலை நேராக இருக்கும். ஒவ்வொரு அலையின் அடியிலும் ஒரு வாய் திறந்திருக்கும். வீட்டெலி மரமேறி; வேப்பமரக் கிளை கூரையைத் தொட்டாலும், மின்கம்பி சுவருக்கு வந்தாலும் அதற்குப் பாதை கிடைத்துவிடும். ஒவ்வொரு அலையின் வாயையும் 1:3 சிமெண்ட் கலவையால் அடைக்க வேண்டும். காற்று வேண்டும் என்ற இடத்தில் 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத கண் உள்ள இரும்பு வலை அடிக்க வேண்டும். கூரையைத் தொடும் கிளையை மூன்றடி தூரத்துக்கு வெட்டிவிட வேண்டும்.

மூன்றாவது இடம் தரைமட்டக் காற்றுத் துளை, தண்ணீர் வெளியேறும் குழாய், மின்குழாய் சுவருக்குள் புகும் இடம். குழாயைச் சுற்றி மின்பணியாளர் உடைத்த துளை குழாயைவிட இரண்டு மடங்கு பெரிதாகவே இருக்கும். அதைப் பூசும் வேலை யாருடையது என்பது முடிவாகாமலே வருடம் ஓடிவிடும்.

நான்காவது இடம் கட்டடத்தில் இல்லை, கட்டடத்துக்கு வெளியே இருக்கிறது. நல்ல கிடங்குக்குத் தரையிலிருந்து இரண்டரை முதல் மூன்றடி உயரத்துக்குப் பீடம் கட்டியிருப்பார்கள். எலியால் நின்ற இடத்திலிருந்து இரண்டு, இரண்டரை அடி தாவ முடியும், அதற்கு மேல் முடியாது என்பதற்காகவே அந்த உயரம். படிக்கட்டைக்கூடச் சுவரோடு சேர்க்காமல் தனியாக எடுத்து வைக்கிற மாதிரி செய்வது அதற்காகத்தான். அப்படிக் கட்டிய பீடத்தின் ஓரத்தில் கட்டட வேலைக்கு இறக்கிய சல்லியையும் உடைந்த அடிக்கட்டைகளையும் பழைய சாக்கையும் குவித்து வைத்தால் என்ன ஆகும்? எலிக்கு நாமே படி கட்டிக் கொடுத்ததாக ஆகும். சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குப் புல், குப்பை, குவியல் எதுவும் இருக்கக் கூடாது. அந்தத் தரை வெறுமையாக இருந்தால் புது வளை விழுந்த அன்றைக்கே கண்ணில் படும்.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் திருப்பாலைத்துறைக் கோயிலுக்குள் நாயக்கர் காலத்து வட்ட வடிவ நெற்களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். கனத்த செங்கல் சுவர், கூம்பு மாதிரி குவிந்து மேலே போகும் கூரை, மூலையே கிடையாது, நெல் கொட்டவும் எடுக்கவும் சில சிறிய வாய்கள் மட்டும். கூரையும் சுவரும் ஒரே கட்டாக இருப்பதால் அங்கே கூரையோர இடைவெளி என்ற பேச்சே எழாது. வாய் குறைந்தால் காவலும் குறையும்.

இனி, அடைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது, ஒரு காலம் இருக்கிறது.

முறையை முதலில் சொல்கிறேன். உள்ளே எலி இருக்கும்போது எல்லா வழியையும் ஒரே நாளில் அடைத்தால் அது உள்ளேயே அடைபட்டு, மூட்டையைத் தின்று, அங்கேயே குட்டி போடும். கருக்காலம் மூன்று வாரம்தான். ஒரு ஈற்றுக்கு ஆறு, எட்டுக் குட்டி. ஆகவே முதலில் வெளியே உள்ள வளைகளைக் கவனிக்க வேண்டும். மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் மூடிவிட்டுக் காலையில் பார்த்தால், திறந்திருப்பது மட்டும்தான் எலி குடியிருக்கும் வளை. அவற்றுக்கு மட்டும் மருந்து வைத்தால் போதும். அடுத்து உள்ளே பொறி வைத்துப் பிடித்துக்கொண்டே கூரை, குழாய், காற்றுத் துளை என்று அடைத்து வர வேண்டும். கதவடி கடைசி. அதன் பிறகும் இரண்டு வாரம் பொறிகள் உள்ளே இருக்கட்டும்.

காலம் எது என்றால், இந்த மாவட்டத்தில் எலி கட்டடத்துக்குள் படையெடுக்கும் பருவம் இரண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வளைக்குள் தண்ணீர் புகும்போது ஒன்று. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து வயல் வெறுமையாகும்போது மற்றொன்று. இரண்டாவது வரத்து வரும் நேரத்தில்தான் கிடங்கும் புது நெல்லால் நிறைந்திருக்கும். எனவே அடைக்கும் வேலை ஆவணி, புரட்டாசியில், கிடங்கு கொஞ்சம் காலியாக இருக்கும்போதே முடிந்திருக்க வேண்டும். மழை பிடித்த பிறகு பூசும் சிமெண்ட் இறுகுவதற்குள் எலி அதைச் சுரண்டிவிடும்.

அடைத்தது நிற்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் தினசரிப் பார்வை வருகிறது.

காலையில் கிடங்கைத் திறந்தவுடன், லோடுமேன்கள் உள்ளே வருவதற்கு முன்பு, கையில் டார்ச்சோடு சுவரோரமாக ஒரு சுற்று வர வேண்டும். எலி நடுத்தரையில் நடக்காது; மீசை சுவரில் உரச ஓரமாகவே போகும். அதனால்தான் அட்டிக்கும் சுவருக்கும் இடையில் இரண்டரை அடி சந்து விட வேண்டும் என்கிறோம். இடத்தை மிச்சப்படுத்துகிறோம் என்று சுவரோடு ஒட்டி மூட்டை அடுக்கினால் நாம் பார்க்க வேண்டிய பாதை முழுவதும் மூட்டைக்குப் பின்னால் போய்விடும்.

அந்தச் சந்தில் என்ன பார்ப்பது? முதலில் புழுக்கை. அரிசி மணி அளவில் இரண்டு முனையும் கூராக இருந்தால் சுண்டெலி. அரை அங்குல நீளத்தில் மெலிந்திருந்தால் வீட்டெலி. அதைவிடப் பெரிதாகத் தடித்திருந்தால் பெருச்சாளி இனம். உள்ளே தேடுவதைவிட வெளியே வளை தேட வேண்டும் என்று பொருள். பளபளப்பாக, குச்சியால் அழுத்தினால் நசுங்கினால் நேற்று இரவு போட்டது. சாம்பல் பூத்து உதிர்ந்தால் பழையது. பார்த்ததும் கூட்டி அள்ளிவிட வேண்டும்; நேற்றைய புழுக்கை கிடந்தால் இன்றையது எது என்று நாளை தெரியாது. கிடங்கைக் கூட்டுவதே பார்வையின் பாதி என்று நான் சொல்வது இதனால்தான்.

சந்தேகமான இடத்தில் கல் கோலமாவை ஓர் அடி நீளத்துக்கு மெல்லிதாகத் தூவி விடுங்கள். அரிசி மாவு வேண்டாம், அதை எலியே தின்றுவிடும். மறுநாள் காலையில் டார்ச்சைத் தரையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் தடம் நன்றாகத் தெரியும். முன்காலுக்கு நான்கு விரல், பின்காலுக்கு ஐந்து, நடுவில் வால் இழுத்த கோடு. தடம் எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையில் நீங்கள் பென்சில் வைத்துப் பார்க்காத ஓட்டை ஒன்று பாக்கியிருக்கிறது.

பொறியைச் சுவருக்குக் குறுக்காக, இரை இருக்கும் முனை சுவரைத் தொடும்படி வைக்க வேண்டும். வீட்டெலி புதுப்பொருளைக் கண்டால் சில நாள் ஒதுங்கும். எனவே முதல் மூன்று நாள் பொறியை விசை ஏற்றாமல் கருவாடோ தேங்காயோ மட்டும் வைத்துத் தின்னவிட்டு, நான்காம் நாள் விசை ஏற்றுங்கள். சுண்டெலிக்கு இந்தக் கூச்சம் கிடையாது. முதல் இரவே வந்து பார்க்கும். ஆனால் அது அதிக தூரம் அலையாது, ஆறேழு அடிக்கு ஒரு பொறி வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எலி மூத்திரத்தில் இருக்கும் கிருமி ஈரத் தரையில் உயிரோடு இருக்கும். காலில் வெடிப்போ காயமோ இருந்தால் உள்ளே புகுந்துவிடும். எலிக்காய்ச்சல் என்கிறோமே, அதுதான். கூட்டுகிறவருக்குச் செருப்பு போதாது. மூடிய காலணியும் கையுறையும் வேண்டும். புழுக்கை கிடக்கும் இடத்தை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டித் தூசி கிளப்பாமல், தண்ணீரில் கலந்த பிளீச்சிங் பவுடரைத் தெளித்து நனைத்து அள்ள வேண்டும்.

இப்போது வண்டுக்கு வருவோம்.

அரிசியில் வரும் கூன்வண்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், மூக்கு நீண்ட கரும்பழுப்பு வண்டு. பெண் வண்டு அந்த மூக்கால் அரிசியில் குழி பறித்து, ஒரு முட்டை வைத்து, தன் உடம்பில் சுரக்கும் பசையால் குழியின் வாயை மூடிவிடும். அதன் பிறகு அந்த அரிசி வெளியே பார்ப்பதற்கு நல்ல அரிசிதான். புழு உள்ளேயே தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டாகத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். தன் ஆயுளில் 300 முட்டை வரை வைக்கும்.

நம் 100 டன் கிடங்கில் இது எப்படி ஓடும் என்று பார்ப்போம். மாசி முதல் தேதி ஒரு லோடு வந்திறங்குகிறது. பார்வைக்குச் சுத்தம், வண்டே இல்லை. ஆனால் நாலு மூட்டையில் அரிசிக்குள் முட்டையும் புழுவும் இருக்கின்றன. மாசி நடுவில் முதல் வண்டுகள் வெளியே தலை நீட்டும், சில நாளில் முட்டை வைக்கத் தொடங்கும். நீங்கள் மாதம் ஒருமுறைதான் அட்டியைச் சோதிப்பவராக இருந்தால், பங்குனி முதல் தேதி பார்க்கும்போது இரண்டாம் தலைமுறை அரிசிக்குள் வளர்ந்துகொண்டிருக்கும். சித்திரையில் அது வெளியே வரும்போது நாலு மூட்டை அட்டி முழுவதும் ஆகியிருக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை சோதனை என்று அரசுக் கிடங்குகளில் வைத்திருப்பது அதிகாரியின் வசதிக்காக வைத்தது அல்ல. வண்டின் ஒரு மாதச் சுற்றை நடுவில் மறிப்பதற்காக வைத்தது.

சோதனையை எப்படிச் செய்வது? அட்டியின் நான்கு பக்கத்திலும், மேலடுக்கிலும், கீழடுக்கிலும் இருந்து குத்தூசியால் அரிசி எடுங்கள். கைக்கு எட்டுகிற நடு வரிசையில் மட்டும் குத்திவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது. வண்டு முதலில் தெரிவதோ அட்டியின் தலையிலும் மூட்டைத் தையலிலும். ஒவ்வொரு பக்கத்து அரிசியிலிருந்தும் அரைக்கிலோ எடுத்துச் சல்லடையில் ஒரு நிமிடம் சலித்து, வெள்ளைத்தாளில் விழுந்ததை எண்ணுங்கள். அரைக்கிலோவில் உயிருள்ள பூச்சி இல்லையென்றால் சுத்தம். ஒன்று, இரண்டு இருந்தால் லேசான தாக்குதல். இரண்டுக்கு மேல் போனால் கடுமையான தாக்குதல். உயிருள்ளதை மட்டும் எண்ண வேண்டும். தாளை வெயிலில் சிறிது நேரம் வைத்தால் செத்தது போல் நடிக்கும் வண்டும் ஓடத் தொடங்கிவிடும்.

கையையும் பயன்படுத்துங்கள். குத்திய இடத்தில் அரிசி பக்கத்து மூட்டையைவிடச் சூடாக இருந்தால் உள்ளே பூச்சி பெருகியிருக்கிறது, அல்லது ஈரம் ஏறியிருக்கிறது. அட்டியின் அடியில் வெள்ளை மாவு உதிர்ந்து கிடந்தால் துளைப்பான் வண்டு வேலை செய்கிறது. அரிசி நூல் கட்டிக் கொத்தாக வந்தால் அந்துப்பூச்சியின் புழு.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் பேராசிரியர் ச. மோகன் இதற்கென்றே எளிய பொறிகளை வடிவமைத்தார். தானியத்துக்குள் நட்டு வைக்கும் துளையிட்ட குழாய் அதில் ஒன்று. துளை 2 மில்லிமீட்டர். வண்டு நுழையும், அரிசி நுழையாது. தானியத்துக்குள் இருக்கும் வண்டு காற்றிருக்கும் பக்கமாக நகரும் குணமுடையது. குழாய்க்குள் காற்று இருக்கிறது என்று துளை வழியே நுழைந்து, வழுக்கி, அடியிலுள்ள கூம்பில் விழுந்துவிடும், ஏறி வர முடியாது. மூட்டை அட்டிக்குச் செருகும் வகையும் உண்டு. வாரம் ஒருமுறை எடுத்து எண்ணினால் சல்லடையில் அகப்படுவதற்கு முன்பே சேதி கிடைத்துவிடும். பொறியில் ஒரு வண்டு விழுந்தால் அட்டியை வெளியேற்றும் வரிசையை மாற்றலாம். புகை மூட்டம் வரை போக வேண்டியிருக்காது.

லாரியில் வரும் சரக்கை எங்கே நிறுத்த வேண்டும்? வாசலில். பத்து மூட்டைக்கு ஒன்று குத்திப் பார்த்து, உயிருள்ள வண்டு இருந்தால் பழைய சரக்கோடு சேர்க்காமல் தனி அறையில் வையுங்கள். தனி அறை இல்லாவிட்டால் தனி மூலையில் தார்ப்பாய் போர்த்தி வையுங்கள். ஈரப்பதமும் பாருங்கள். நெல் கொள்முதலில் 17 சதவீதம் வரை வாங்க விதி இடம் கொடுக்கிறது, மழைக்காலத்தில் அதையும் தளர்த்துகிறார்கள். ஆனால் வாங்கும் அளவு வேறு, வைத்திருக்கும் அளவு வேறு. மாதக்கணக்கில் வைக்க வேண்டுமென்றால் 13 சதவீதத்துக்குக் கீழே உலர்ந்திருக்க வேண்டும். எல்லா ஓட்டையையும் அடைத்த கிடங்கில் ஈர நெல்லை அடுக்கினால் பூஞ்சணம்தான் பிடிக்கும்; கதவிடுக்கை அடைத்தது அதைக் காப்பாற்றாது.

பழைய சாக்கை மறந்துவிடாதீர்கள். தையல் மடிப்பில் வண்டு பல வாரம் காத்திருக்கும். காலியான சாக்குக் கட்டை அதே கிடங்கின் மூலையில் போட்டு வைத்துவிட்டு, புதுச் சரக்கில் வண்டு எப்படி வந்தது என்று கேட்பதில் பயனில்லை. சாக்கை உதறி, கடும் வெயிலில் கருங்கல் பாறையில் விரித்துக் காய வைத்து, வேறு இடத்தில் வையுங்கள். அந்த வெயிலும் பாறையும் உங்கள் ஊரில் காசில்லாமல் கிடைக்கின்றன.

சுவரின் உட்புற விரிசலும் இந்தக் கணக்கில்தான் சேரும். வெளிச்சுவரின் ஓட்டை எலிக்கு வாசல் என்றால், உட்சுவரின் விரிசல் பூச்சிக்கு வீடு. கப்ரா வண்டின் புழு விரிசலுக்குள் தீனியே இல்லாமல் வருடக்கணக்கில் உறங்கும். கிடங்கு காலியானதும் விரிசல்களைச் சுரண்டித் தூசியை எடுத்து, சிமெண்டால் பூசி, சுண்ணாம்பு அடித்த பிறகுதான் அடுத்த சரக்கு உள்ளே வர வேண்டும். சிந்திய அரிசியைக் கூட்டி மூலையில் குவித்து வைப்பதும் கூடாது. அன்றன்றைக்குச் சலித்து, தூசியைக் கிடங்குக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிட வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் மருந்து.

எலிக்குப் பயன்படுவது இரண்டு வகை. துத்தநாக பாஸ்பைடு வேகமானது. உடைத்த தானியம் 96 பங்கு, சமையல் எண்ணெய் 2 பங்கு, மருந்து 2 பங்கு என்பது அதன் அளவு. இரண்டு, மூன்று நாள் மருந்தில்லாத தீனி வைத்துப் பழக்கிய பின்பே இதை வைக்க வேண்டும். கொஞ்சம் தின்று பிழைத்த எலி அந்தத் தீனியைப் பிறகு தொடாது. இதை வெளி வளைக்கு மட்டும் வையுங்கள், தானியம் இருக்கும் கட்டடத்துக்குள் வேண்டாம். இரண்டாவது புரோமடியோலோன் கட்டி. இது இரத்தம் உறைவதைத் தடுப்பதால் எலி நான்கைந்து நாள் கழித்துச் சாகும். அதற்குக் காரணம் புரியாததால் மற்ற எலிகளும் தின்னும். பூட்டிய பெட்டியில், எண் எழுதி, சுவரோரம் வைத்து, எத்தனை கட்டி குறைந்தது என்று நோட்டில் எழுத வேண்டும்.

சுவருக்கும் அட்டியின் மேற்புறத்துக்கும் அடிக்கும் மருந்து வேறு. முன்பு கிடங்குகளில் டைக்குளோர்வாஸ் சர்வசாதாரணமாக அடித்தார்கள். 2020 டிசம்பர் 31-உடன் மத்திய அரசு அதை முற்றாகத் தடை செய்துவிட்டது. பழைய டப்பா யாரிடமாவது இருந்தால் பயன்படுத்தாதீர்கள். இப்போது பெரும்பாலும் மாலத்தியானும் டெல்டாமெத்ரினும்தான். இவை ஊர்ந்து போகும் வண்டைத்தான் கொல்லும். அரிசிக்குள் இருக்கும் புழுவை எட்டாது.

அரிசிக்குள் இருப்பதை எட்டுவது பாஸ்பைன் வாயு. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றிலுள்ள ஈரத்தைத் தொட்டு அந்த வாயுவை விடும். 3 கிராம் மாத்திரை ஒன்று 1 கிராம் வாயு விடும். டன்னுக்கு மூன்று மாத்திரை, நம் கிடங்குக்கு 300. அட்டியை வாயு புகாத உறையால் மூடி, உறையின் ஓரத்தைத் தரையோடு மணல் பைகளால் அழுத்தி, ஏழு நாள் திறக்காமல் வைக்க வேண்டும். பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்கள் மட்டுமே செய்ய வேண்டிய வேலை இது. கடையில் வாங்கிச் செய்யும் வேலை அல்ல.

இதில்தான் பெரும் தவறு நடக்கிறது. உறையில் கிழிசல், மணல் பை இரண்டுக்கு நடுவில் இடைவெளி, சரக்கு அவசரமாக வேண்டும் என்று நாலாம் நாளே பிரிப்பது. அப்போது என்ன ஆகிறது? வாயு போதாமல் போகிறது. ஊரும் வண்டு செத்துக் கிடக்கும், பார்ப்பதற்கு வேலை முடிந்தது போலிருக்கும். முட்டையும் கூட்டுப்புழுவும் வாயுவைத் தாங்குபவை, அவை பிழைக்கும். வண்டுகளிலும் கொஞ்சம் தாங்கும் சக்தி உள்ளவை பிழைத்து, அவற்றின் சந்ததியால் கிடங்கு நிறையும். இப்படித்தான் துளைப்பான் வண்டும் செவ்வண்டும் பாஸ்பைனுக்கு அடங்காதவையாக மாறின. இந்தியாவில் இந்த எதிர்ப்புத் திறன் வலுவாகவே இருக்கிறது. அரைகுறையாகப் போடும் புகை மூட்டம், எந்த மருந்துக்கும் சாகாத வண்டை நாமே விதைநெல் போலப் பொறுக்கி எடுத்து வளர்ப்பதற்குச் சமம். உறை பிரித்த பத்தாம் நாளும் இருபதாம் நாளும் மறுபடி சல்லடை பிடியுங்கள். பத்தாம் நாள் உயிருள்ள வண்டு இருந்தால் வாயு கசிந்திருக்கிறது. மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் உறையைப் பாருங்கள்.

ஆளுக்கு ஆபத்தும் அதே கசிவில்தான். இரவுக் காவலர் படுக்கும் அறை கிடங்குச் சுவரை ஒட்டியிருந்தால் அந்த ஏழு நாளும் அங்கே யாரும் படுக்கக் கூடாது. பூண்டு நாற்றம் வந்தால் ஓடிவிடலாம் என்று நினைக்காதீர்கள். நாற்றம் தெரியாமலே ஆபத்தான அளவு இருக்க முடியும். 2024 நவம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் குன்றத்தூர் அருகே ஒரு வீட்டில் எலிக்கு வைத்த மருந்தின் நெடியால் உறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழந்தைகள் இறந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். அது மூடிய அறை. நமது கிடங்கு அதைவிடப் பெரிய மூடிய அறை.

கேள்வி நேரத்தில் ஒருவர், பூனை வளர்த்தால் என்ன என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பூனை எலி பிடிக்கும்தான். ஆனால் அட்டிக்குள் இருக்கும் எலியை அதனால் எட்ட முடியாது. எலியின் புழுக்கையோடு தன் கழிவையும் அரிசியில் சேர்த்துவிடும். உணவுக் கிடங்குக்குள் பூனை வேண்டாம்.

இன்னொருவர், கையில் இருக்கும் பணத்துக்கு ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும், எதைச் செய்வது என்று கேட்டிருக்கிறார். கதவடியை அடையுங்கள். இரண்டு ஷட்டர் இருந்தாலும் ஆங்கிளும் சிமெண்டும் ஒரு கொத்தனார் ஒரு நாளில் முடிக்கும் வேலை. அடுத்து பணம் வந்தால் கூரையோரம். அதற்கடுத்து உறை. பதினைந்து நாள் சல்லடைக்கும் காலைச் சுற்றுக்கும் பணமே வேண்டாம். ஒரு நோட்டு வேண்டும். அந்த நோட்டில் தேதி, இடம், புழுக்கை புதிதா பழையதா, அரைக்கிலோவில் எத்தனை உயிர் வண்டு, யார் பார்த்தார் என்ற ஐந்தையும் எழுதுங்கள். மூன்று மாதம் எழுதினால், உங்கள் கிடங்கில் எந்தச் சுவர் தொல்லை தருகிறது, எந்த ஊர் லோடு வண்டோடு வருகிறது என்பதை என்னைவிட நீங்கள் தெளிவாகச் சொல்வீர்கள். அன்றைக்கு மருந்துக் கடைக்காரரிடம் போனால், என்ன வேண்டும் என்று அவர் சொல்லமாட்டார், நீங்கள் சொல்வீர்கள்.